லிஃப்ட் கம்பெனி மாறிய அறிவிப்பும் என் முன்பல்லும்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் பராமரிப்பு வேறு கம்பெனிக்குப் போனபோது குடியிருப்போருக்கான அறிவிப்பை எழுதியவன் நான். வங்காளிகள் நிறைந்த எங்கள் லேக் மார்க்கெட் பக்கம் செயலாளர் பதவிக்குத் தமிழன் ஒருவன் சிக்கினால் விட மாட்டார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து புதிய கம்பெனி. சாதாரணப் புகார் என்றால் காவலாளியிடம் சொல்லவும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் ராப்பகலாக இயங்கும் இந்த அவசர எண். பழைய கம்பெனியை அழைக்க வேண்டாம். கதவை நெம்ப வேண்டாம். மெக்கானிக் வரும்வரை வெளியே இறங்க முயல வேண்டாம். கீழே பலகையில் ஒன்று, லிஃப்டுக்குள் ஒன்று ஒட்டினேன். உள்ளே ஒட்டியதை ரசிப்பதற்காகவே இரண்டு தடவை மேலும் கீழும் போய் வந்தேன்.

மறுவாரமே எங்கள் பூஜை கமிட்டித் தலைவர் இரண்டின் மேலும் துர்கா பூஜை சாப்பாட்டுக் கூப்பன் போஸ்டரை ஒட்டிவிட்டார். பசையில் சிக்கனமே இல்லை. பாதி போஸ்டருக்கு அம்மனின் முகம்.

ஒரு மத்தியானம் அவரும் நானும் ஏறிப் போகையில் லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டியதும் நின்றது. உள்ளிருந்த இன்டர்காமில் காவலாளியைப் பிடித்தேன். அவன் தன் மேஜைச் சுவரில் இருந்த பழைய ஸ்டிக்கரைப் பார்த்து அழைத்தான். "எங்க கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு, புதுக் கம்பெனியைக் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்களாம்.

"புது நம்பர் பலகையில இருக்கே, பாரு" என்றேன்.

"அது மேல போஸ்டர் இருக்கு சார். அம்மாவைக் கிழிக்கச் சொல்றீங்களா?"

என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது; எண் எனக்கு மனப்பாடமில்லை. தலைவரிடம் போன் இருந்தது, எண் இல்லை. அதைப் போட்டிருந்த வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து, நான் போடும் ஜோக்குகளைத் தாங்காமல் அவர் விலகிப் பல மாதமாகிவிட்டது. மிச்சம் அந்தச் சுவர்தான். போஸ்டரின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"மொஷாய், அம்மா முகத்துல கை வைக்காதீங்க."

"நம்பர் அதுக்கு அடியில இருக்கு தாதா." அவருக்கு நான் ஐயா, எனக்கு அவர் அண்ணன்; மரியாதைக்குக் குறைவில்லை.

"வேற வழி பாருங்க."

அதற்குள் காவலாளி சொல்லி அவர் தம்பி கடப்பாரையோடு வந்து இரண்டாம் மாடிக் கதவை நெம்ப ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு அடிக்கும் லிஃப்ட் முழுவதும் அதிர்ந்தது. கதவு விலகியது; மூடிக்கொள்ளாமல் கடப்பாரையையே முட்டுக் கொடுத்தான். தலைவர் உள்கதவைக் கையால் தள்ளித் திறந்தார். லிஃப்டின் தரை மாடித் தரைக்கு இடுப்பளவு மேலே நின்றது. குதித்துவிடலாம்போல்தான் தோன்றும். ஆனால் லிஃப்டின் தரைக்குக் கீழே அடித்தளம் வரை வெறும் இருட்டுக் குழி. இறங்கும் உடம்பு கொஞ்சம் பின்னால் ஆடினால் அதற்குள்தான்.

அவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். நான் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். என் எடையில் இரண்டு பேரைச் செய்து ஒட்டினால்தான் அவர் ஒருவர் வருவார்.

"விடுங்க" என்றார். பிறகு "விடு." மூன்றாவதாக வந்தது வங்காளத்தில் நாய்க்கும் நண்பனுக்கும் மட்டும் சொல்லும் 'விடுடா'. கூடவே முழங்கையும் வந்தது. என் முன்பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிற்று. நான் அவர் காதைக் கடித்தேன். பல் குறைந்ததால் பிடி சரியாக விழவில்லை. அவர் தலையைப் பின்னால் மோத, என் மண்டை சுவரில் இடித்தது. பிடி விட்டது.

அவர் நகர்ந்து இறங்கப் போனார். நான் எழுந்து, வாயில் ரத்தத்தோடு, அம்மனின் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே இழுப்பில் கிழித்தேன். அவரைக் காப்பாற்றத்தான் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அந்த நொடியில் எனக்கு இருந்தது சுத்தமான ஆத்திரம்.

சத்தம் கேட்டுத் திரும்பியவர் காலை உள்ளே இழுத்து, எழுந்து, என் கழுத்தைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் லிஃப்ட் ஆட, வெளியே கடப்பாரை நழுவியது. கதவு அறைந்து மூடிக்கொண்டது. கடப்பாரை அவர் கால் தொங்கிய இடத்தின் வழியே குழிக்குள் விழுந்து, சுவர் சுவராக மோதிக்கொண்டே போய், அடியில் இடித்தது. விழுந்தது அண்ணன்தான் என்று நினைத்து வெளியே தம்பி "தாதா, தாதா" என்று அழுதான்.

என் கழுத்தில் இருந்த கை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"நம்பரைப் படி" என்றார்.

அறிவிப்பும் போஸ்டரோடு கொஞ்சம் கிழிந்திருந்தது. எண் முழுசாக இருந்தது. படித்தேன். இன்னொரு கையால் அழுத்தினார். புதிய கம்பெனி மெக்கானிக் வந்து, மொட்டை மாடி இயந்திர அறையில் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை இரண்டாம் மாடித் தரைக்குச் சமமாகக் கொண்டுவந்து கதவைத் திறந்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான்.

"உள்ள யாருக்கு அடி?"

"லிஃப்டுக்கு" என்றார் தலைவர்.

பழுதைச் சரிசெய்து ஓட்டிக் காட்டி, ஏறச் சொன்னான். நாங்கள் இருவரும் பல் டாக்டரிடம் படியிறங்கிப் போனோம். கழுத்திலிருந்து இறங்கிய அவர் கை என் சட்டைக் காலரில் அப்படியே இருந்தது.