சிரித்த முகத்துக்குக் கேடயம்

எங்கள் பள்ளித் தாளாளருக்குக் குழந்தைகளின் மனசு மீது அக்கறை பிறந்தது ஒரு ஓட்டல் விருந்துக்குப் பிறகுதான். ஏதோ பயிற்சி முகாம் என்று நகரத்துக்குள் போனவர், சாயங்காலம் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே முகம் வரைந்த அட்டைகள், பஞ்சு அடைத்த கரடி ஒன்று, கதைப் புத்தகம், மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று வழவழ காகிதத்தில் அச்சடித்த படம். மறுநாள் காலை எங்களையெல்லாம் நிற்க வைத்து, "இனிமே நம்ம ஸ்கூல்ல எமோஷன் பீரியட் உண்டு" என்று அறிவித்தார். ஹாலோபிளாக் வியாபாரத்திலிருந்து கல்விக்கு வந்தவர் அவர். எதையும் அச்சில் வார்த்து வெயிலில் காய வைத்தால் போதும் என்ற நம்பிக்கை அவரை விட்டுப் போகவே இல்லை.

திருமழிசையில், தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் சின்னப் பள்ளி எங்களுடையது. நான் யுகேஜி மிஸ். அப்பா அம்மா இரண்டு பேருமே கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். பாதிப் பேர் வேனில் வருவார்கள்.

பெட்டியில் இருந்த சரக்கைக் குறை சொல்ல மாட்டேன். சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நாலு முகங்கள் ஒட்டிய பலகை ஒன்றை வகுப்பு வாசலில் மாட்ட வேண்டும். துணி காயப் போடும் கிளிப்பில் ஒவ்வொரு பிள்ளையின் போட்டோவையும் ஒட்டிவிட வேண்டும். காலையில் உள்ளே வரும்போது இன்றைக்குத் தனக்கு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தில் பிள்ளை தன் கிளிப்பை மாட்டும். மிஸ் அதைப் பார்த்து, யாரிடம் கொஞ்சம் கூடப் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்வாள். எந்த முகமும் தப்பில்லை. கோபம் வரலாம், கோபத்தில் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான் பாடம். நல்ல பாடம். ஆனால் எங்கள் தாளாளர் கையில் கிடைத்த நல்ல பொருள் எது உருப்பட்டிருக்கிறது?

அடுத்த வாரமே அவர் பரிசு அறிவித்தார். எந்த வகுப்பின் கிளிப்புகள் எல்லாம் சிரித்த முகத்தில் இருக்கின்றனவோ அந்த வகுப்புக்கு மகிழ்ச்சிக் கேடயம். பித்தளை நிறத்தில் தகதகவென்று ஒன்றைச் செய்து வாங்கியும் வந்துவிட்டார். உணர்ச்சியில் முதல் ரேங்க் வாங்கச் சொன்ன மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்கேஜி மிஸ் பிள்ளைகளை வாசலிலேயே பிடித்து, "சிரிப்புல மாட்டு, சிரிப்புல மாட்டு" என்று விரட்ட ஆரம்பித்தாள். போதாக்குறைக்கு எங்கள் மேற்பார்வையாளர் மேடம், பிள்ளைகள் அவளைப் பெரிய மிஸ் என்பார்கள், பிரேயர் முடிந்ததும் ஒரு சுற்று வருவாள். அழுகையிலும் பயத்திலும் தொங்கும் கிளிப்புகளைப் பறித்துச் சிரிப்பில் மாட்டிவிட்டுப் போவாள். பள்ளிக்கூடம் முழுக்க ஒரே சந்தோஷம். கீழே ஒருத்தன் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருப்பான், அவன் போட்டோ மேலே சிரிப்பில் தொங்கும்.

மூச்சுப் பயிற்சியின் கதி இன்னும் மோசம். பிள்ளை அமைதியாக இருக்கும்போது தினம் விளையாட்டு மாதிரி பழக்க வேண்டிய விஷயம் அது. அப்போதுதான் ஆத்திரம் வரும் நேரத்தில் உடம்புக்கு ஞாபகம் வரும். எங்கள் பள்ளியில் அதைத் தண்டனை ஆக்கினார்கள். அழுதால் மூலையில் நிற்க வைத்து, "மூச்சு விட்டுட்டு வா" என்றார்கள். அமைதி மூலை என்று அதற்குப் பெயர் வேறு. கொஞ்ச நாளில் பிள்ளைகளே ஒன்றையொன்று, "டேய், மிஸ்ஸாண்ட சொல்லி உன்ன மூச்சு வுட வெச்சிடுவேன்" என்று மிரட்டத் தொடங்கின.

என் வகுப்பில் நான் என் இஷ்டத்துக்குத்தான் செய்தேன். பெட்டியில் வந்த படத்தில் மெழுகுவர்த்தியை ஊதச் சொல்லியிருந்தது. பிறந்தநாள் கேக்கில் பழகிய பிள்ளைகள் எச்சில் தெறிக்க 'ஃபூ' என்று ஊதின. அதனால் நான் சாம்பாருக்கு மாறினேன். கையைக் கிண்ணம் மாதிரி குவித்துக்கொள்ள வேண்டும். உள்ளே சூடான சாம்பார். முதலில் மூக்கால் மெதுவாக வாசனை பிடிக்க வேண்டும், வயிறு உப்ப வேண்டும். அப்புறம் வாயைக் குவித்து நீளமாக, நிதானமாக ஆற்ற வேண்டும். வேகமாக ஊதினால் சட்டையில் கொட்டிவிடும். காலையில் பாட்டுக்கு முன்னால் நாலைந்து தடவை. மூலையும் கிடையாது, மிரட்டலும் கிடையாது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப் போனது. ஒருத்தி மட்டும் தினம் ரசம் ஆற்றுவாள், சாம்பார் பிடிக்காதாம்.

அந்த வகுப்பில்தான் கடிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, ஒட்டிய உடம்பு. காலை முழுக்கச் சாதுவாக இருப்பாள். மத்தியானம் வேனுக்கு வரிசையில் நிற்கும்போது யாராவது அவளைத் தாண்டி முன்னால் போனால் போதும், கையைப் பிடித்துக் கடித்துவிடுவாள், பல் பதிய. கடி வாங்கிய பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து சத்தம் போட்டார்கள். கடித்தவளோ அழ மாட்டாள், கண்ணைக் கூடச் சிமிட்டாமல் நிற்பாள். காலையில் அவள் கிளிப்போ, தவறாமல் சிரிப்பில் இருக்கும்.

"இன்னொரு தடவை கடிச்சா டிசி கொடுத்து அனுப்பிடலாம்" என்றார் தாளாளர். நடு வருஷத்தில் அந்தக் குழந்தையை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? கடிக்கிற பிள்ளை என்ற பேரோடு? அவளுடைய அம்மா தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். தனி ஆள். வேன் வரும் பள்ளி என்பதால்தான் இங்கே சேர்த்திருந்தாள். பள்ளி போனால் வேலையும் போகும். இதெல்லாம் தெரிந்தும்தான் அவர் அதைச் சொன்னார்.

அந்த வாரம் உணர்வுப் பாடத்துக்குப் புத்தகத்தில் இருந்த கதை, பனியில் வழி தவறிய கரடிக்குட்டியைப் பற்றியது. எங்கள் பிள்ளைகளுக்குப் பனி என்றால் ஃப்ரிட்ஜில் மேல் தட்டு. கரடியை ஓரம் கட்டிவிட்டு எருமைக் கன்றுக்குட்டிக் கதை ஒன்றை நானே கட்டினேன். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எருமைகளெல்லாம் வீட்டுக்குக் கிளம்புகின்றன. பின்னால் வரும் இன்னொரு கன்று நம் கன்றைத் தாண்டிப் போகிறது. நம் கன்று அதை ஒரே முட்டு முட்டிவிடுகிறது. இங்கே நிறுத்தி முக அட்டைகளை விரித்தேன்.

"இப்ப கன்னுக்குட்டி மூஞ்சி எது?"

"கோவம்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

கடிக்கிற பெண் எழுந்து வந்தாள். கோப அட்டையைத் தள்ளிவிட்டுப் பயத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"எதுக்குப் பயம்மா அதுக்கு?"

"வேன் போய்டும்."

எருமை வேனில் போகுமா என்று பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தன. நான் சிரிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவளைக் குடையவும் இல்லை. கதையை முடித்து, சாம்பார் ஆற்றி, மற்றவர்களைக் கிறுக்க உட்கார வைத்த பிறகு பாயில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த அட்டை அவள் கையிலேயே இருந்தது. "வேன் போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் பாத்ரூம் போனேன் மிஸ். வந்தா யாரும் இல்ல. கேட்டு பூட்டிட்டாங்க. இருட்டாயிடுச்சு. வாட்ச்மேன் தாத்தா மோட்டர் போட வந்தாரு."

எந்த நாள் என்று கேட்டுப் பார்த்தேன், என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நான் லீவு போட்டிருந்த நாள் அது. பெரிய மிஸ்தான் என் வகுப்பைப் பார்த்துக்கொண்டவள். தலையை எண்ணாமல் வேன்களை அனுப்பிவிட்டிருக்கிறாள்.

"அடுத்த நாளு நான் பயத்துல மாட்டினேன் மிஸ். பெரிய மிஸ் எடுத்து சிரிப்புல மாட்டிட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் தானாகவே சிரிப்பில் மாட்டக் கற்றுக்கொண்டாள். நாங்கள் கேடயம் வாங்கினோம்.

வாட்ச்மேனைக் கேட்டேன். "ஆமாம்மா, டான்ஸ் ப்ராக்டிஸ்னு அவங்கம்மாக்குப் போன் பண்ணிட்டு, சார்தான் வண்டில கொண்டு போய் வுட்டாரு. யாராண்டயும் சொல்லாதன்னாரு" என்று தரையைப் பார்த்தார். தாளாளரைக் கேட்டேன். "அது முடிஞ்ச விஷயம். சின்னப் பிள்ளைங்க மறந்துடும் மிஸ்" என்றார். ஓட்டலில் சாப்பிட்டுப் படித்த படிப்பு இவ்வளவுதான். அன்றிலிருந்து வேன் வரிசையில் அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன், அவளை முதல் ஆளாக ஏற்றினேன். அவள் யாரையும் கடிக்கவில்லை. ஆனால் பழைய புகார்களை வைத்துக்கொண்டே தாளாளர் அவளுடைய அம்மாவை வரச் சொல்லிவிட்டார். கடிபட்ட வீட்டுக்காரர்கள் வேறு இரண்டு பிள்ளைகளையும் அதே பள்ளியில் சேர்த்திருப்பவர்கள். கணக்கு உங்களுக்கே புரியும்.

அம்மா கம்பெனி யூனிஃபார்மோடு, வியர்வையைத் துடைத்தபடி வந்தாள். குழந்தையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். தாளாளர் பெற்றோர் வளர்ப்பைப் பற்றி நீளமாகப் பேசினார். வீட்டில் அன்பு இல்லாத பிள்ளைதான் கடிக்கும் என்பது வரைக்கும் போனார். அந்த அம்மா தலையைக் குனித்துக்கொண்டு, "ஊட்ல நல்லாத்தான் சார் கீது. நான் அடிக்கக்கூட மாட்டேன். ஒரு சான்ஸ் குடுங்க சார்" என்று கெஞ்சினாள். செய்யாத தப்புக்கு அவள் கும்பிட்டதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு நாள் உங்க பொண்ணு லேட்டா வந்தாளே, டான்ஸ் ப்ராக்டிஸ்னு போன் பண்ணாங்களே, அன்னைக்கு ப்ராக்டிஸ் எதுவும் இல்லம்மா" என்றேன். "பூட்டின ஸ்கூலுக்குள்ள தனியா இருந்திருக்கா."

தாளாளர் என்னை முறைத்தார். அம்மா மெல்ல எழுந்தாள். அவள் மார்பு ஏறி ஏறி இறங்கியது.

"ஏம்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார் அவர். தம் பின்னால் சுவரில் மாட்டியிருந்த மூச்சுப் படத்தைக் கையால் காட்டினார், நம்புங்கள், காட்டினார். "உக்காருங்க. மூச்ச நல்லா இழுத்து, மெதுவா விடுங்க."

"மூச்சு நான் வுட்டுகினுதான் சார் கீறேன்" என்றாள் அந்த அம்மா. "எம்பொண்ணு அன்னிக்கு எங்க இருந்துச்சு, அத நீங்க சொல்லுங்க."

அவர் மேஜை டிராயரைத் திறந்தார், மூடினார். பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார். டிசி என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவே இல்லை. அம்மா வெளியே போனாள், பின்னாலேயே நானும் போனேன். அவள் பெஞ்சுக்கு முன்னால் தரையில் மண்டி போட்டாள்.

"அன்னிக்கு ரொம்ப பயந்துட்டியா கண்ணு?"

குழந்தை தலையாட்டினாள். பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை நாளும் அழாததற்கெல்லாம் சேர்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதாள்.

உள்ளிருந்து தாளாளர் குரல் கொடுத்தார். "பேரன்ட்ஸ் வர நேரம் மிஸ். அந்தப் பிள்ளைய நிறுத்தச் சொல்லுங்க."

"அழட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, அறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினேன்.