பெரட்டுக்கு முன் ஒரு டம்ளர் சீந்தில்

கோவிட் ஊரை அடைத்துப் போட்ட காலத்தில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. நானே எனக்குக் கொடுத்துக்கொண்டதுதான். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவன், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே வைத்தியன் ஆனேன். இந்தியாவில் வடக்கே கிலோய் என்று சொல்லும் நம் சீந்தில் கொடி காய்ச்சலை விரட்டும், உடம்புக்கு எதிர்ப்பு சக்தி தரும் என்று வாட்ஸ்அப் வீடியோவில் ஒருவர் அடித்துச் சொன்னார். சில நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சீந்தில் கஷாயம் குடித்தேன், போய்விட்டது. குடிக்காவிட்டாலும் போயிருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரோடு பேச்சை நிறுத்தியிருப்பேன்.

எங்கள் குளிருக்கு அந்தக் கொடி சரியாக வராது. என் மச்சான் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகும் லோரி ஓட்டுகிறவர். திரும்பும்போது தண்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். விடிவதற்கு முன் எழுந்து நசுக்கி, கொதிக்க வைத்து, வடிகட்டுவேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நடந்துகொண்டே குடிக்கட்டும் என்று ஆளுக்கொரு டம்ளரைக் கையில் கொடுத்துவிடுவேன். அடுத்த வீட்டுப் பழைய கங்காணிக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவர் வீட்டுக்கே பெரிய டம்ளரில் கொடுத்தனுப்புவேன். டம்ளர்கள் எல்லாம் காலியாகத் திரும்பி வரும். "நல்லா இருக்குலா" என்பார்கள். நாக்கு மரத்துப் போகிற கசப்பை நல்லா இருக்கு என்கிறார்களே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கோவிட் அடங்கிய பிறகும் நான் அடங்கவில்லை. கடைசியில் பசி போனது, சிறுநீர் கறுத்தது, கண் மஞ்சளானது. அதற்கும் சீந்தில்தான் மருந்து என்று இன்னொரு டம்ளர் கூட்டினேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். சின்ன வயசுத் தமிழ்ப் பெண். தைராய்டு மாத்திரை மட்டும்தான், வேறு எதுவும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எங்களுக்கு மருந்து என்றால் கிளினிக்கில் பையில் போட்டுக் கொடுப்பது. கஷாயம் அடுப்படி சமாச்சாரம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டுக் கிடப்பது தெரிந்தது. மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை, ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் இல்லை. டாக்டர் மறுபடி கேட்டார்.

"இவரு தெனமும் சீந்தில் குடிக்கிறாரு டாக்டர். ஊருக்கே குடுக்குறாரு," என்றாள் மனைவி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சீந்தில் குடிக்கிறவர்களில் சிலருக்கு இப்படி ஆனதாகத் தகவல்கள் வந்திருக்கின்றன, எல்லோருக்கும் ஆகாது என்றார். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்குகிற நோய்கள் உண்டு, என் தைராய்டும் அந்த ரகம், அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னார். இங்கே மலாயில் பத்தாவாலி என்று சொல்லி விற்பதும் இதே சாயல் கொடிதான், அதிலும் கல்லீரல் கெட்டதுண்டு, எதுவானாலும் இன்றோடு நிறுத்துங்கள், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். நான் விடுவேனா?

"என் பொண்டாட்டியும் கூடவேதான் குடிக்கிறா. அவளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

அப்படியானால் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

"எனக்கு வேணாம் டாக்டர். நான் ஒரு வாய்கூடக் குடிச்சதில்ல. மொளகாச் செடிக்கு ஊத்திருவேன்."

டாக்டர் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, அம்மா குடித்திருந்தாலும் அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் டாக்சியில் மனைவியோடு பேசவில்லை. பாதி வழியில் கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. இவள் ஊற்றிவிட்டாள், சரி. மற்றவர்கள்? பிள்ளைகுட்டிக்காரர்கள், தினமும் மலை ஏறிக் கொழுந்து எடுக்கிறவர்கள். சர்க்கரையோடு போராடுகிற கங்காணி. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் அந்த லயத்தில் நான் எப்படி நடமாடுவேன்?

டாக்சியை விட்டு இறங்கி நேராகக் கங்காணி வீட்டுக்குப் போனேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே போய் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தோட்டத்துத் தொர என்ன சொன்னாலும் சரிங்கன்னு தலையாட்டிட்டு நம்ம வேலயப் பாத்த ஆளுங்க நாம. நீங்க சொல்லியா குடிச்சிருப்போம்? எல்லாம் கால்வாய்க்குத்தான் போச்சு."

"அப்போ லயத்துல யாருதான் குடிச்சா?"

அவர் ஒவ்வொரு வீடாக விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாரியம்மனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். என் பேச்சை ஒருத்தர்கூடக் கேட்காமல் விட்டதற்காக அவளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.