ஓடிவிட்டு வந்தபோது எடை கூடியிருந்தது

போன வருடம் புதுச்சேரியில் நடந்த அரை மாரத்தானில் நான் முடிவுக்கோட்டைத் தாண்டியதும் வாந்தி எடுத்தேன். தலை வலித்தது, கை விரல்கள் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது, என் கணவரின் செல்போன் எண் எனக்கு நினைவுக்கு வரவில்லை. முதலுதவிக் கூடாரத்தில் என்னைப் படுக்க வைத்தார்கள். அவர் அங்கே ஓடி வந்து, கூட்டத்தின் நடுவே அழுதார். வீடு திரும்பும் வழியிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"தண்ணி பத்தல. அவ்ளோதான். அடுத்த தடவையும் இப்பிடி விழுந்தன்னா, ஷூவத் தூக்கி லாஃப்ட்ல போட்டுடு. அதுக்கப்புறம் ஓட்டமெல்லாம் கெடையாது."

எனக்கு நாற்பத்து நான்கு வயது. சுரங்க டவுன்ஷிப்பில் இருபது வருடம் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், சமையல் என்று சுற்றிய பிறகு, எனக்கென்று கிடைத்த ஒரே விஷயம் ஓட்டம். விடியும் முன் மரங்களுக்கு நடுவே நீளும் அந்த நேரான ரோடுகளை என்னால் விட முடியாது. அதனால் அந்தத் தீர்ப்பு எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

இவர் சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார். ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்திலும் ஆட்களை நிற்க வைத்து, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கச் சொல்வது அவர் வேலை. மே மாத வெயிலில் மண் வெட்டும் எந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு அது சரியான பேச்சுதான். மெதுவாக ஓடும் ஒரு பெண்ணுக்கு ஜனவரி விடியற்காலையில் அதே பேச்சு எப்படிப் பொருந்தும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

எங்கள் ஓட்டக் குழுவில் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி இருக்கிறாள். கூடாரத்துக் கதையை அவளிடம் சொன்னேன். விரல் வீங்கியது என்றதும் முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, அன்னிக்கு ரத்தம் பாக்கல, அதனால நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா தண்ணி அதிகமாகி உப்பு கொறஞ்சாலும் இப்பிடித்தான் ஆவும். ஒங்க வேர்வ எவ்ளோன்னு மொதல்ல பாத்துடுங்க."

வழி எளிதுதான். ஓடும் முன் கழிவறைக்குப் போய்விட்டு, குறைந்த துணியோடு எடை பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம், போட்டியில் ஓடும் அதே வேகத்தில் ஓட வேண்டும். வந்ததும் வேர்வையைத் துடைத்து, நனைந்த துணியைக் கழற்றி, கழிவறைக்கும் போகாமல் மறுபடி எடை பார்க்க வேண்டும். குறைந்த எடையோடு, வழியில் குடித்த தண்ணீரைச் சேர்த்தால், அது அந்த ஒரு மணி நேரத்தின் வேர்வை. ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர்.

எளிது என்று சொன்னேன் அல்லவா, அது இவரோடு குடித்தனம் நடத்தாதவர்களுக்கு.

முதல் ஞாயிறு இவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். அரை லிட்டர் பாட்டில் இரண்டை நான் காலி செய்யும் வரை விடவில்லை. "குடிச்சிகினே ஓடு, குடிச்சிகினே ஓடு" என்று ரோடு முழுக்கக் கத்தினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைத் தரையில் மெஷினை வைத்து ஏறினேன். போகும்போது 61.2. வந்தபோது 61.5.

ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தவளுக்கு எடை கூடியிருக்கிறது! குடித்தது ஒரு லிட்டர், வேர்த்தது எழுநூறு மில்லிதான். மிச்சம் முந்நூறு வயிற்றிலும் உடம்பிலும் நிற்கிறது. மூன்று மணி நேரப் போட்டியில் இதே கணக்கில் குடித்தால் என்ன ஆகும்? கூடாரத்தில் ஆனதுதான் ஆகும்.

கதவைத் திறந்து சொன்னேன். இவர் என்னைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தார்.

"மெஷின் கோளாறு. ஓடினா எடை கூடுமா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

கைகளில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு அவரையே ஏறச் சொன்னேன். பாட்டில் இல்லாமலும் ஏறச் சொன்னேன். மெஷின் சரியாக ஒரு கிலோ வித்தியாசம் காட்டியது. "பாட்டிலுக்குச் சரியாக் காட்டுது, ஒனக்குத்தான் தப்பாக் காட்டுது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் மெஷினைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். மறுபடி வாங்க மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமே என்று விட்டேன்.

அடுத்த ஞாயிறு நானே அளந்த பாட்டிலோடு, பின்னால் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சத்தியத்தைக் காப்பாற்றினார். பின்னால் வரவில்லை, ரவுண்டானாவில் முன்னாலேயே நின்றார். கையில் ஒரு சொம்பு மோர். பக்கத்தில் அவருடைய அதிகாரியும் மனைவியும். "அண்ணி, குடிங்க, பாவம் எவ்ளோ நேரமா நிக்கிறாரு" என்றாள் அந்த அம்மா. நான்கு பேர் முன்னால் என்ன செய்வது? குடித்தேன். எவ்வளவு என்று தெரியாது. அன்றைய கணக்கு பாழ். வீட்டுக்கு வந்து மெஷின் மேல் ஏறவே இல்லை, பாத்திரங்களை உருட்டித்தான் என் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

இவருக்கு நைட் ஷிஃப்ட் வந்த வாரம்தான் எனக்கு விடிவு. இவர் வீடு வந்து சேர்வதற்குள் ஓடி முடித்தேன். குடித்த தண்ணீர் நானூறு மில்லி, குறைந்த எடை முந்நூறு கிராம். அதே எழுநூறு. வெயில் ஏறிய பிறகு ஒரு நாள் ஓடிப் பார்த்தேன், தொள்ளாயிரம் வந்தது. பிசியோதெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து திட்டம் போட்டேன். மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், தாகம் இல்லையென்றால் அதையும் குறைத்துக்கொள்ளலாம். வேர்த்ததை எல்லாம் அங்கேயே திருப்பி நிரப்ப வேண்டியதில்லை. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது எனக்கு ஒரு கிலோ இருநூறு வரை குறையலாம். கூடத்தான் கூடாது.

இந்த ஜனவரியில் எடை மெஷினைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துப் புதுச்சேரிக்கு எடுத்துப் போனேன். லாட்ஜ்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பதினேழாவது கிலோமீட்டரில் இவர் நின்றிருந்தார், இரண்டு லிட்டர் கேனோடு. நான் தலையை ஆட்டினேன். அவர் கூடவே ஓடி வந்தார், செருப்புக் காலோடு.

"ஒரு வாய்... ஒரே ஒரு வாய் குடிச்சிட்டுப் போம்மா. போன தடவ மாதிரி என்னால பாக்க முடியாது."

அந்தக் குரல் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இத்தனை நாள் அவர் என் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது தண்ணீர் இல்லை, அவருடைய பயம். அது புரிந்தும் எனக்குக் கோபம் குறையவில்லை. "வேணாம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

முடிவுக்கோட்டைத் தாண்டி நின்றபோது கால் மட்டும்தான் வலித்தது. மோதிரத்தைச் சுழற்றிப் பார்த்தேன், எளிதாகச் சுழன்றது. அவருடைய செல்போன் எண்ணை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். லாட்ஜில் மெஷின், விடியற்காலையில் பார்த்ததைவிட எண்ணூறு கிராம் குறைவாகக் காட்டியது. நான் திட்டம் போட்ட இடத்திலேயே வந்து நின்றிருக்கிறது. அழுகை வந்துவிட்டது.

மறுநாள் எங்கள் பிளாக்கில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பாராட்டினார். "போன வருஷம் அப்பிடி ஆச்சே, இந்தத் தடவ எப்பிடிங்க?" என்று அவர் கேட்டது என்னைத்தான். பதில் சொன்னது இவர்.

"தண்ணிதாங்க. இந்தத் தடவ நான் விடவே இல்லியே. வழியெல்லாம் கேனத் தூக்கிகினு நின்னேன்ல."

நான் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். யாரிடம் சொல்லி என்ன?

அடுத்த ஞாயிறு விடியும் முன் கதவருகே வந்தேன். என் ஷூ லாஃப்டில் இல்லை, துடைத்து வாசலில் வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்திலேயே தளும்பத் தளும்ப நிரப்பிய இரண்டு லிட்டர் கேன். என் சின்ன பாட்டிலில் அரை லிட்டர் கோடு வரை ஊற்றிக்கொண்டேன். மீதியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு ஓடினேன்.