மூன்றாவது பூ யார்?

ஸுலைஹா டீச்சரைப் புதிதாகச் சந்திக்கும் எவருக்கும் அவருக்கு முன்னால் அவருடைய கைபேசிதான் அறிமுகமாகும். "டீச்சர், ஒரு படம்" என்று யாராவது அவரைக் கூப்பிடும் குரல் கேட்கும். அதற்குப் பிறகுதான் போனைத் தூக்கிப் பிடித்தபடி அவர் வருவார். நுரைச்சோலைக்கு அப்பால், மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் சின்னப் பாடசாலை அது. நல்ல கமரா உள்ள போன் அங்கே அவரிடம் மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு குற்றத்துக்காக விளையாட்டுப் போட்டி, நத்தார் ஒளிவிழா, சிரமதானம் எல்லாவற்றையும் படம் பிடிப்பதும் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தில் போடுவதும் அவர் தலையில் விழுந்தன. புத்தளத்தில் பஸ் ஏறி, நின்றபடியே வந்து, நாலாம் வகுப்பைப் பார்த்து, மணி அடித்த பிறகு எழுத்துப் பிந்திய பிள்ளைகளுக்குப் பரிகார வகுப்பும் எடுத்து, திரும்பவும் நின்றபடியே வீடு போகிற மனிசி. வீட்டில் கணவர் மர்ஸூக், "அந்தப் போனக் களப்புக்குள்ள எறிஞ்சிட்டு வாங்க, நிம்மதியாச் சாப்பிடலாம்" என்பார். சிரிக்கக்கூட டீச்சருக்குத் தெம்பு இருக்காது.

பரிகார வகுப்பில் பத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி அனுஷ்கா. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா ஷானிகா கடற்கரையிலுள்ள மீன் வாடியில் கருவாடு காயவைக்கிறவள். வருடத் தொடக்கத்தில் தன் பெயரைத் தவிர வேறெதையும் அனுஷ்காவால் வாசிக்க முடியவில்லை. மூன்றாம் தவணையின் நடுவில் ஒரு பக்கத்தை, மூச்சுப் பிடித்து, கடைசிப் புள்ளிவரை வாசித்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் இடம் கிடைக்காதது டீச்சருக்குத் தெரியவேயில்லை.

அதிபர் றொபின்சன் சேருக்கும் சந்தோசம். ஆனால் அவருக்கு வேறு நெருக்கடி இருந்தது.

"டீச்சர், புத்தகம் அனுப்பின வெளிநாட்டு ஆக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறாங்க. பிள்ளையள் வாசிக்கிற மாதிரி ஒரு படம் போடுங்க. முந்தித் தெரியாது, இப்பத் தெரியும் எண்டு பாக்கிறவங்களுக்கு விளங்கோணும்."

டீச்சர் கவனமில்லாத ஆள் அல்ல. வருடத் தொடக்கப் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளையின் படத்தைப் போட விருப்பமில்லாதவர்கள் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தார். மறுத்தவர்களின் பிள்ளைகளை ஒருநாளும் படத்துக்குள் விட்டதில்லை. இந்தப் பத்துப் பேரின் வீட்டிலும் ஓம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும், அவர்கள் வாசிப்பதைப் படம் பிடித்தபோது பெயர் போடவில்லை. ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு மஞ்சள் பூ ஒட்டினார். கீழே, "வருடத் தொடக்கத்தில் எழுத்துத் தெரியாதிருந்த எங்கள் பத்துச் செல்வங்கள் இன்று புத்தகம் வாசிக்கிறார்கள்" என்று எழுதிப் பக்கத்தில் ஏற்றினார்.

மறுநாள் அனுஷ்கா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

காரணத்தை வகுப்புப் பிள்ளைகளே சொன்னார்கள். ஊர்ப் பொடியன்களின் வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் போயிருந்தது. யாரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பூக்களுக்கு இலக்கம் போட்டு, "மூண்டாவது பூ ஆர்? சரியாச் சொன்னா ஒரு சோடா" என்று கேட்டிருந்தான். "குடைத்துணிப் பை தெரியேல்லையா? ஷானிகாக்காட மகள்" என்று அடுத்த நிமிடமே பதில் வந்திருக்கிறது. பழைய குடையை வெட்டி அம்மா தைத்துக் கொடுத்த பை அது. ஊரில் வேறு எவரிடமும் அப்படியொன்று இல்லை. அன்று மாலையே அக்கம்பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகள் அவளை "பூ மூஞ்சி, எழுத்துத் தெரியாத பூ மூஞ்சி" என்று கத்திக்கொண்டே வீடுவரை துரத்தியிருந்தார்கள்.

அன்றைக்குப் பரிகார வகுப்பை நிறுத்திவிட்டு டீச்சர் வாடிக்கு நடந்தார். காற்று மணலை அள்ளி முகத்தில் வீசியது. ஷானிகா நிமிராமல் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். கதிரை இல்ல, மணல்லதான் இருக்கோணும்."

"பிள்ள ஏன் வரல்ல, ஷானிகா?"

"பூ வைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு அது தெரியாதா?"

டீச்சர் மணலில் உட்கார்ந்தார். "படத்துக்கு நீங்க ஓம் எண்டு சொன்னீங்கதானே. கேட்டுத்தானே போட்டன்."

"ஓம் எண்டனான். ஓட்டப் போட்டில ஓடுற படத்துக்கு ஓம் எண்டன். ஒளிவிழால ஆடுற படத்துக்கு ஓம் எண்டன். என்ட பிள்ளைக்கு எழுத்துத் தெரியாம இருந்தது எண்டு ஊருக்குச் சொல்ல எப்ப டீச்சர் ஓம் எண்டன்?"

"இப்பத் தெரியுமே, அதத்தான்..."

"தெரியும். அது உங்களாலதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அவளுக்குத் தெரியாம இருந்தது அவளுக்கும் எனக்கும் உங்களுக்கும் உள்ள கதை. அவட அப்பாக்கே நான் பாதிதான் சொன்னனான்."

ஓலைத் தடுப்புக்குப் பின்னால் அனுஷ்கா இருந்தாள். கூப்பிட்டும் வெளியே வரவில்லை. "பள்ளிக்கூடம் போகமாட்டன்" என்ற குரல் மட்டும் வந்தது.

அதிபரிடம் கேட்கவேண்டும் என்ற நினைப்பு டீச்சருக்கு வந்தது, வந்த வழியே போனது. போனை எடுத்தார். சிக்னலுக்காக இரண்டு தரம் எழும்பி நின்று அந்தப் பதிவை அழித்தார்.

"எங்கட பக்கத்தில இருந்து போயிட்டு. அதில இருந்து பகிர்ந்தவங்கட பக்கத்திலயும் இனிப் பாக்க ஏலாது. ஆனா ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிருக்கிறவன்ட போனுக்குள்ள என்ட கை போகாது ஷானிகா. பொய் சொல்ல விருப்பமில்ல."

"அப்ப என்னத்த அழிச்சீங்க?"

டீச்சர் உடுப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு சந்திக்கு நடந்தார்.

அங்கே போனுக்குக் காசு போடும் ரீலோட் கடை வைத்திருக்கும் நிலுக்சன்தான் அந்தக் குழுவின் அட்மின். டீச்சரைக் கண்டதும் எழும்பினான்.

"சும்மா பகிடிக்குத்தான் டீச்சர்."

"உன்ட தங்கச்சிட முகத்தில ஒரு பூ வச்சுப் போடட்டா? சோடா நான் வாங்கித் தாறன்."

நிலுக்சன் போனை எடுத்தான். படத்தையும் கீழே வந்த பதில்களையும் எல்லோருடைய போனிலும் இல்லாமல் போகும்படி குழுவிலிருந்து அழித்தான். சேமித்து வைத்தவர்கள் வைத்திருப்பார்கள். அதற்கு அவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அன்று மாலையும் அடுத்த மாலையும் டீச்சர் மற்ற ஒன்பது வீடுகளுக்கும் நடந்துபோய் நடந்ததைச் சொன்னார். சிலர் ஏசினார்கள். சிலருக்குப் படம் வந்ததே தெரியாது. ஒரு தாய் தேத்தண்ணீர் கொடுத்து, "என்ட பிள்ள வாசிக்கிறத எல்லாரும் பாக்கட்டுமே" என்றாள். அவளுக்கு விளக்கம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் களைப்பாக இருந்தது.

பதிவை அழித்ததைக் கேட்டு அதிபர் முகம் சுளித்தார். "முகம்தான் மறைச்சிட்டமே டீச்சர்?"

"ஊர் ஆக்களுக்கு முகம் தேவையில்ல சேர். பைய வச்சுச் சொல்லுவாங்க, நிக்கிற நிலைய வச்சுச் சொல்லுவாங்க. முகத்த மட்டும் மறைச்சம். கீழ எழுதினத மறைக்கல்ல."

"அப்ப புத்தகம் தந்த ஆக்களுக்கு என்னத்த அனுப்புறது?"

டீச்சர் வாசிப்பு மூலையில் கிடந்த புத்தகங்களைப் படம் பிடித்தார். மூலைகள் மடிந்து, அட்டைகள் கழன்று, ஒன்றில் பலகார எண்ணெய்கூட ஒட்டியிருந்தது. பிள்ளைகள் யாரும் இல்லை. "இந்த வருடம் எங்கள் பிள்ளைகளின் கைபட்ட புத்தகங்கள்" என்று மட்டும் எழுதினார். நன்றி சொல்லிப் பதில் வந்தது. எத்தனை பேர் வாசிக்கப் பழகினார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அனுஷ்கா வந்தாள். குடைத்துணிப் பை இல்லை, கடைப் பை ஒன்றில் கொப்பிகளைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டீச்சர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பரிகார வகுப்பு என்றொரு தனிக் கூட்டம் தெரியாதபடி, பாடசாலை விட்ட பிறகு விருப்பமான எந்தப் பிள்ளையும் இருந்து வாசிக்கலாம் என்று மாற்றினார். கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள், வேலை இரட்டித்தது. அனுஷ்கா பின்வரிசையில் இருந்து வாசித்தாள், சத்தம் வெளியே வராமல்.

ஸுலைஹா டீச்சர் இன்றும் அதே பாடசாலையில் நாலாம் வகுப்பு எடுக்கிறார். பேஸ்புக் பக்கமும் அவர் கையில்தான். எந்தப் படத்தையும் போடுவதற்கு முன்னால் அந்தப் படத்தையும் கீழே எழுதப்போகும் வசனத்தையும் தாய் தகப்பனிடம் காட்டி, யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, பிள்ளையிடமும் கேட்கிறார்; வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. பக்கத்தில் படங்கள் குறைந்துவிட்டன. அனுஷ்கா இப்போது கற்பிட்டியில் உள்ள பெரிய பாடசாலையில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள்.