அறுபது குப்பி

முள்ளிப்பட்டில் தறிக்காரர் வீட்டுப் பெண் லாவண்யா. பி.ஃபார்ம் முடித்து, ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளை அலைக்கழித்த சரக்கு பாம்புக்கடி மருந்து. விலை அதிகம், செலவாகாவிட்டால் காலாவதியாகிவிடும். ஒரு மாசம் யாரும் வரமாட்டார்கள், மறு மாசம் வரிசையாக வருவார்கள்.

ஆர்டர் மாசத்துக்கு ஒருமுறைதான். அதனால் கம்ப்யூட்டரில் ஆயிரம் பொய் மாசங்களை ஓட்டிப் பார்த்தாள். பழைய மழைக்கால மாசங்களின் செலவுக் கணக்கிலிருந்து ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அது கையிருப்பைத் தாண்டினால் 'தீர்ந்தது' என்று எண்ணும். அறுபது குப்பி வைத்தால் ஆயிரத்தில் நூற்றெழுபது முறை தீர்ந்தது. நூறு வைத்தால் இருபதே முறை.

மேனேஜர் ரஞ்சித்குமாரிடம் காட்டினாள்.

"நூறு வாங்கணும் சார். அறுபதுன்னா ஆறு மழை மாசத்துல ஒண்ணு மாட்டிக்கும்."

"அஞ்சு மாசம் தப்பிக்கும்ல? போன வருஷம் காலாவதியாகி எவ்ளோ குப்பைல கொட்டினோம்? அறுபதே போதும்."

"அந்த ஒரு மாசம் எதுன்னு தெரியாதே சார்."

"பேஜார் பண்ணாதம்மா."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அலமாரியில் நாலு குப்பிதான் மிச்சம். அவசர ஆர்டர் கேட்டாள், ரஞ்சித்குமாரின் கையெழுத்து விழவில்லை.

மறுநாள் காலை வெம்பாக்கம் பக்கத்து விவசாயி சின்னக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரப்பில் கட்டுவிரியன். கண்ணிமை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது. பத்துக் குப்பியாவது வேண்டும். இருந்த நாலையும் லாவண்யா ஓடிப்போய்க் கொடுத்தாள். டாக்டர் வேலூருக்கு அனுப்பினார். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

உடம்போடு திரும்பி வந்த மனைவி ரேணுகாதேவி, ஆஸ்பத்திரி வாசலில் கத்தினாள்: "மருந்து இல்லாத எதுக்குடா பெரிய போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க?"

ரஞ்சித்குமார் நிதானமாக லாவண்யாவைக் கைகாட்டினான். "ஸ்டாக் கணக்கு போட்டது இவங்கதான். கம்ப்யூட்டர்ல ஏதோ ஓட்டி, தீராதுன்னு சொன்னாங்க."

ரேணுகாதேவி அவள் கன்னத்தில் அறைந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் ஆறில் ஒன்று என்று எப்படிச் சொல்வது?

அன்று மாலையே வேலை போனது. மாசக் கடைசியில் சாவியை ஒப்படைக்கப் போனபோது, "அடுத்த மாசமாவது நூறு வாங்குங்க சார்" என்றாள்.

"எதுக்கு? கெட்ட மாசம்தான் வந்துட்டு போயிடுச்சே. இனி அஞ்சு மாசத்துக்குப் பயமில்ல."

"அப்படி இல்ல சார். ஒவ்வொரு மழை மாசமும் புதுசாத்தான் குலுக்கல். போன மாசம் வந்தது அதுக்குத் தெரியாது. அதே ஆறுல ஒண்ணுதான்."

அவன் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்தான். புதிதாகச் சேர்ந்திருந்த பாலமுருகன் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஆர்டர் அடித்துக்கொண்டிருந்தான். வெளியே போகிறபோது திரையைப் பார்த்தாள். அறுபது.