வீட்டுக்கு ஒரு ஆள்

எங்கள் ஆலைக்குள் எப்போதும் ஒரே பருவம்தான். வெளியே உச்சிப்புளிப் பக்கத்து வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே குளிரறைக் கதவு திறக்கும்போதெல்லாம் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து காலைச் சுற்றிக்கொள்ளும். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வாய்மூடி, முழங்கால் வரை பூட்ஸ் என்று பெண்கள் அந்தப் புகைக்குள் போவார்கள், வருவார்கள். கண்ணை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இறாலையும் கணவாயையும் உறைய வைத்துக் கப்பலேற்றும் ஆலை அது. மூன்று ஷிப்டு. கம்ப்ரஸர் அறையின் உறுமல் பகலும் இரவும் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் அதைவிடப் பெரிதாகக் கத்தும். சேர்ந்து ஒரு மாதம் ஆனதும் அந்தச் சத்தம் காதிலேயே விழாது.

பாதுகாப்புப் பயிற்சிக்கு நான் பொறுப்பு. கம்ப்ரஸர் அறையில் ஆபரேட்டராக இருப்பவர் என் வீட்டுக்காரர். அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில் என் வீட்டுக்காரர் அங்கே என்னைவிட நாலு வருஷம் சீனியர்.

குளிரூட்டுவது அமோனியா. குழாயில் ஓடும்வரை சாது. கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். அதனால் ஆலையில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி கட்டாயம் என்று தொழிற்சாலை ஆய்வாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாதக் கடைசிக்குள் முடிக்காதவர்களைக் கேட்டுக்குள் விடக் கூடாது. மேனேஜர் தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனால் இறால் பெட்டி வந்துவிட்டால் பெற்ற தாயையும் காத்திருக்கச் சொல்வார்.

“ஒரு ஆள் பாக்கி இருக்கக் கூடாதும்மா. லைனும் ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. ரெண்டையும் செஞ்சிட்டா நீ கெட்டிக்காரி” என்றார்.

“ஒண்ணை மட்டும் செஞ்சா, சார்?”

“எந்த ஒண்ணுங்கிறதைப் பொறுத்து” என்றார் அவர்.

முதலில் ஷிப்டு முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தேன். விடிகாலை ஆறு மணிக்கு வெளியே வந்த பெண்கள் கேண்டீன் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல் பால் நிறத்தில் அசையாமல் கிடந்தது. கடற்காற்று இதமாக வந்தது. நான் பேசப் பேச ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. என் குரலே எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல எனக்குக் கேட்டது. வாசலில் முதுகுளத்தூர் வேன் ஹாரன் அடித்ததும் அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமலேயே எழுந்து நடந்தார்கள். அதோடு அந்த யோசனைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

வழி லைனுக்குள்ளேயே இருந்தது. இறாலைத் தட்டில் அடுக்கி ப்ளேட் ஃப்ரீசருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால், அது கட்டியாகும்வரை பேக்கிங் பெண்களுக்குக் கையில் வேலை இல்லை. தரையைக் கழுவுவார்கள், தட்டை அடுக்குவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். பாடத்தை அரை அரை மணி நேரத் துண்டுகளாக நறுக்கி அந்த இடைவெளிக்குள் வைத்தேன். உரிக்கும் மேஜைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு மேஜை வகுப்புக்கு வந்தால், வேறு பிரிவிலிருந்து அந்த மேஜைக்கு மாற்று ஆட்கள் வந்து நிற்பார்கள். படகுகள் மீனைக் கொண்டுவந்து தள்ளும் நேரத்தில் மட்டும் வகுப்பு கிடையாது. கம்ப்ரஸர் அறையில் ஷிப்டுக்கு ஒரே ஆள். அவர்களுக்கு ஷிப்டு மாறும் நேரம். புது ஆள் பொறுப்பெடுத்ததும் பழைய ஆள் என்னிடம் வர வேண்டும்.

வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். சைரன் அடித்தால் கூரை மேல் கட்டியிருக்கும், காற்றின் திக்கைக் காட்டும் காற்றுப்பையைப் பார். காற்று போகிற திக்கில் ஓடாதே, வாயு உன்னோடேயே வரும். குறுக்கே நடந்து விலகு, அப்புறம் காற்று வருகிற பக்கம் போய் அந்தப் பக்கத்து உடைமரத்தடியில் நில். வாசல் எது என்பதை அன்றைய காற்றுதான் சொல்லும்.

எல்லாம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தட்டு வீணாகவில்லை. நானும் கனவில் மிதப்பது போலத்தான் திரிந்தேன், மேனேஜர் வேறு போகிற இடமெல்லாம் பெருமை பேசினார்.

ஒரு மதியம் பேக்கிங்கில் நின்ற பெண்ணிடம் சும்மா கேட்டேன். “சைரன் அடிச்சா எந்தப் பக்கம் போவே?”

“கெழக்கு வாசலுக்குக்கா.”

“காத்து கெழக்கப் பாத்து வீசுச்சுன்னா?”

அவள் விழித்தாள். “எங்க ஓரகத்தி கெழக்குன்னுதான் சொன்னா.”

“ஓரகத்தி சொன்னாளா? நீ வகுப்புக்கு வரலையா?”

“அவ வந்துட்டாளேக்கா. அவ வரயில அவ எடத்துல நான் நின்னேன். வீட்டுக்கு ஒரு ஆள்தான?”

அவள் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் கண்மாய் வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள். ஊர்க்கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள். செத்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போவதும் அப்படித்தான். ஒருவர் போய்த் தலையைக் காட்டினால் வீடே வந்த கணக்கு. “எல்லாரும் வரணும்” என்று நான் சொன்னது அவர்களுக்கு “எல்லா வீடும் வரணும்” என்றே விழுந்திருக்கிறது. மாமியார் வந்தால் மருமகள் வரவில்லை, அக்கா வந்தால் தங்கை வரவில்லை. வந்தவள் வராதவளுக்கும் சேர்த்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். லைன் ஏன் அவ்வளவு அழகாக ஓடியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

மறுபடியும் முதலிலிருந்து. மேஜை மேஜையாகப் போய், “வாயு வீட்டுக்கு ஒரு ஆளாப் பாத்துப் பிடிக்காது. அவங்கவங்க மூக்கு, அவங்கவங்க நெஞ்சு” என்று கத்தினேன். விட்டுப்போனவர்களை அதே இடைவெளிகளில் உட்கார வைத்தேன். மாதம் முடியப்போகும்போது ஒரே ஒருவர்தான் பாக்கி. என் வீட்டுக்காரர்.

கேட்டால், “நம்ம வீட்டுக்குத்தான் நீ இருக்கியே. நீயே க்ளாஸ் எடுக்கிற, அப்புறம் என்ன?” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

மறுநாள் மதியம் ஷிப்டு மாறும்போது கம்ப்ரஸர் அறை வாசலிலேயே மறித்துக்கொண்டேன். அவரிடமிருந்து பொறுப்பெடுத்தவர் உள்ளே அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்களின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெயில் அதன் மேல் பட்டு, அந்த இடமே விடியற்காலை போலத் தோன்றியது.

“கசிஞ்சா என்ன செய்வீங்க?” என்றேன்.

“பெரிய அமோனியாத் தொட்டி வால்வை மூடுவேன்.”

“அது உள்ளாற கோடியில இருக்கு.”

“கோடிக்குப் போயி மூடுவேன். மூடாம நான் வெளிய வந்துட்டா உள்ள இருக்குற பொம்பளைக கதி?”

“கண்ணு தெரியாதுங்க. ரெண்டு மூச்சுக்கு மேல தாங்காது.”

அவர் கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்தார். பிறகு வெகு சாதாரணமாகச் சொன்னார். “நான் வரலைன்னா, வீட்டுக்கு ஒரு ஆள் வெளிய வந்தாச்சுன்னு இருந்துக்க.”

எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. நாலு பேர் பார்க்கிற இடம் என்பதால் இரண்டையும் விழுங்கிக்கொண்டேன். அத்தனை பேருக்கும் ஓடச் சொல்லிக் கொடுத்த நான், ஓடவே மாட்டேன் என்கிற ஒருவரோடுதான் தினமும் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கையைப் பிடித்து அறைக்கு வெளியே சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானுக்கு இழுத்துப் போனேன். கண்ணாடி மூடி போட்ட பொத்தான். தூசி படிந்து கிடந்தது.

“இதை அமுக்குனா?”

“கம்ப்ரஸர் நிக்கும். கரண்டுல ஓடுற வால்வெல்லாம் தானா மூடிக்கும்.”

“அப்ப இது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். இதை அமுக்குனா உற்பத்தி நின்னு போகும். இதுவரைக்கும் எவனும் அமுக்குனதில்ல.”

“மொதல்ல காலு வெளிய வரணும். அப்புறம் கை இதுல படணும். உள்ள போற வேலை, மூச்சுக்கருவி மாட்டுன ரெண்டு பேருக்கு. உங்களுக்கு இல்ல. எங்கிட்ட சொல்லுங்க.”

அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பவும் கேட்டேன். வெளியே வா, அமுக்கு, நட என்று அந்த வாசலுக்கும் பொத்தானுக்கும் இடையே அவரை நடக்க விட்டேன். மறுநாளும், அதற்கடுத்த நாளும். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நேரம் ஒன்றாக நடந்ததில்லை. கடைசி நாள், “சரி, அமுக்குறேன்” என்று முனகினார். பக்கத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் என்ன குரலில் சொல்வாரோ அந்தக் குரலில்.

எல்லோருக்கும் பயிற்சி முடிந்தது என்று காட்ட ஒத்திகை வைத்தோம். மேனேஜர் ஃப்ரீசர் கதவு சாத்தியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுத்தார். “கால் மணி நேரம். எல்லாரும் வெளிய வந்து எண்ணிக்கை கொடுத்துட்டு உள்ள போயிரணும். மெஷின் பாட்டுக்கு ஓடும், அங்கன யாரும் கை வைக்கக் கூடாது” என்று ஷிப்டு சூப்பர்வைசர்களிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் காதுக்கு அது போய்ச் சேரவில்லை.

சைரன் அடித்தது. அன்றைக்கு மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று. கிழக்கு வாசல் பக்கம் ஒருத்திகூடப் போகவில்லை. தலையை நிமிர்த்திக் காற்றுப்பையைப் பார்த்துவிட்டு, வெள்ளைக் கோட்டுகள் குறுக்கே விலகி, மேற்கே வளைந்து, மணலில் பூட்ஸ் புதையப் புதைய உடைமரத்தடிக்கு வந்தன. வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. மேஜைவாரியாக எண்ணினோம். எல்லோரும் இருந்தார்கள், ஒருவரைத் தவிர. இது ஒத்திகை, வாயு எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன்.

அப்போது ஏதோ ஒன்று மாறியது. என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, உறுமல் நின்றிருந்தது. அத்தனை வருஷமாக அங்கே வேலை பார்த்த நாங்கள், அந்த உடைமரத்தடியில் நின்றுகொண்டு, கடல் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டோம்.

மேனேஜர் முகம் சிவந்துபோய் ஓடி வந்தார். “யாரு அமுக்குனது? யாரைக் கேட்டு அமுக்குனீங்க?”

கம்ப்ரஸர் அறைப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். ஓடவில்லை, காற்றுக்குக் குறுக்கே, சொல்லிக்கொடுத்தபடியே, நிதானமாக நடந்து வந்தார்.

“நான்தான் சார். க்ளாஸ்ல அப்படித்தான் சொன்னாங்க” என்றார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். மெஷினைத் திரும்ப ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும், ஃப்ரீசர் குளிர் தாங்குமா, நான் என்ன விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் வரிசையின் கடைசியில் வந்து நின்று கையைத் தூக்கினார். நான் எண்ணி முடித்தேன்.