நாற்பத்தேழு என்று எழுதியிருந்த வயது

விருப்ப ஓய்வு கேட்டுச் சண்முகசுந்தரம் எழுதிய கடிதம் சட்டைப்பையிலேயே மடிப்பு நைந்து போயிருந்தது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டாக வேலை பார்ப்பவர். அவருடைய பிரிவு அலுவலர் ஜெயகணேஷ் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். ஒரு மாதம் யோசியுங்கள், பெர்மனென்ட் வேலையை விட்டவர் யாரும் திரும்ப உள்ளே வந்ததில்லை என்றார்.

ஏன் விடுகிறீர்கள் என்று பலரும் சண்முகசுந்தரத்தைக் கேட்டார்கள். அலுப்பாக இருக்கிறது என்பார். எழுந்திருக்கும்போதே அலுப்பு. ஷிப்டு பஸ்ஸில் ஏறினால் அலுப்பு. குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்ற ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். பிளாக்கில் எல்லோரும் அதற்கு ஒரே பெயர் வைத்திருந்தார்கள்: வயசுக் கோளாறு. புதுச் சட்டை எடுத்தால் அதுவும் வயசுக் கோளாறு, சட்டை எடுக்காவிட்டால் அதுவும் அதுதான். "இன்னும் பைக்கு ஒண்ணுதான் வாங்கல" என்று மனைவி கனகம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மகன் அருண்ராஜ் கைப்பேசியில் ஒரு கோட்டுப்படம் காட்டினான். மனிதர்களின் மனநிறைவு இளமையில் உயரத்தில் தொடங்கிச் சரிந்து, நாற்பத்தேழு நாற்பத்தெட்டில் அடியைத் தொட்டு, பிறகு ஏறுகிறதாம். பல நாடுகளில் கணக்கெடுத்தது.

"பாருப்பா, நீ இப்போ கரெக்டா அடியில நிக்கிற. அடுத்த வருசம் தானா ஏறிடும்."

சண்முகசுந்தரம் அந்தப் படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார். அவருடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1978. இரண்டு மாதம் அந்தக் கோட்டை நம்பிக் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தார். பெல்ட் ஓடும்போது நடுவில் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

ஆவணி மாதத்தில் அக்கா செந்தாமரை கம்மாபுரத்திலிருந்து அப்பாவைப் பார்க்க வந்தாள். அப்பா சடையப்பன் பக்கவாதத்தில் படுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டே, தம்பி காட்டிய படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நாப்பத்தேழா? யாருக்கு?"

"எனக்குத்தான்க்கா."

"உனக்கு அம்பது முடிஞ்சு போச்சுடா. பள்ளிக்கூடத்துல சேக்கறப்போ தலைக்கு மேல கைய போட்டுக் காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. உனக்கு எட்டல. அடுத்த வருசம் அம்மை போட்டுச்சு. அதுக்கடுத்த வருசம் அவரு உன்னப் பாக்கவேயில்ல, அஞ்சுன்னு எழுதினு பூட்டாரு. மாசியில பொறந்தவனுக்கு ஜூன் ஒண்ணு."

அவள் சிரித்தாள். அப்பாவின் வாய் ஓரமும் சிரிப்பது போல் இழுத்தது. சண்முகசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டின்படி அவர் அடியைத் தொட்டு ஏறத் தொடங்கி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். ஏற்றத்தின் அறிகுறி எங்கும் இல்லை. அன்று மாலை கனகத்திடம், திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கொடுங்கள், ஆனால் சனிக்கிழமை என்னோடு ஓரிடம் வாருங்கள் என்றாள் கனகம்.

மந்தாரக்குப்பத்தில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் மணிமொழி என்ற மனநல மருத்துவர் சனிக்கிழமைகளில் வருவார். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. அவருடைய முகத்திலும் அலுப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் சண்முகசுந்தரத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தூக்கம், பசி எப்படி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் உண்டா என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். சர்க்கரை, தைராய்டு, இரத்த அளவு பார்க்கச் சொன்னார். வயசு என்று சொல்லி நோயை விட்டுவிடக் கூடாது என்றார். பிறகுதான் கோட்டுப்படத்தை வாங்கிப் பார்த்தார்.

அது இலட்சக்கணக்கானவர்களின் சராசரி என்றார். இறக்கமும் சிறியது, எல்லா நாட்டிலும் தெரிவதில்லை, ஒரே ஆட்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்வதில்லை. நடுவயது நெருக்கடி என்ற பேச்சே அறுபது ஆண்டுக்கு முன்னால் ஒருவர் கலைஞர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியதில் பரவியது. பின்னர் அமெரிக்காவில் சாதாரண மக்களைக் கேட்டபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் தனக்கு அப்படி வந்தது என்றாராம். என்ன நடந்தது என்று துருவினால், அவர்களிலும் பலருக்கு வயது காரணமாக இல்லை. சாவு, நோய், பிரிவு, வேலை போனது.

"அதனால சார், உங்களுக்கு எத்தனை வயசுன்னு நான் கேக்கப் போறதில்ல. என்ன நடந்துச்சுன்னு கேக்கறேன்."

ஒரு நீளத் தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார். இடப்பக்கம் ஆண்டுகள், மேலே வீடு, வேலை, உடம்பு, உறவு. நினைவு தானாக வராது, ஒரு கட்டம் அடுத்த கட்டத்தை இழுத்து வரும் என்றார்.

சண்முகசுந்தரம் திங்கட்கிழமைக் கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பினார். கனகம் மாதங்களைத் திருத்தினாள். அவருடைய வாழ்க்கையின் மிக மோசமான ஆண்டு இப்போதையது அன்று. நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்கு ஈடாகச் சொன்ன வேலை வராமல், கான்ட்ராக்டில் மண் அள்ளிய இருபத்துநான்காம் வயது அது. அன்றைக்கு யாரும் அதற்கு வயசுக் கோளாறு என்று பெயர் வைக்கவில்லை. நாற்பதுகளின் பல கட்டங்கள் நன்றாகவே இருந்தன. பெல்ட் அறுந்தால் முப்பதில் ஸ்பானரை வீசியெறிந்தவர், நாற்பத்தைந்தில் கான்ட்ராக்ட் ஆட்களை உட்காரவைத்து, பதறாமல் இணைப்புப் போடக் கற்றுக்கொடுத்திருந்தார். அதை எழுதும்போது அவருக்கே வியப்பாக இருந்தது.

சென்ற ஆண்டு வரிசையில் பேனா நின்றது. வைகாசியில் அப்பாவுக்குப் பக்கவாதம். அதே மாதம் கனகத்துக்கு முழங்கால் வலி, அருண்ராஜுக்குக் கல்லூரிக் கட்டணம். ஷிப்டு முடிந்து வந்து அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துக் கழுவி, நான்கு மணி நேரம் தூங்கி, மறுபடி ஷிப்டு. ஆனியில் குமரவேல்.

குமரவேல் இருபது ஆண்டுகள் அவரோடு ஒரே பெல்ட்டில் நின்றவர். ஓய்வறையில் டீ டம்ளரைக் கையில் வைத்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். சண்முகசுந்தரம் மறுநாள் டூட்டிக்குப் போனார், ஆள் இல்லை என்பதால். அதைப் பற்றி அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மணிமொழி, சோதனை முடிவுகளில் குறையில்லை என்று சொல்லிவிட்டு, தாளை வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"நாலு கட்டமும் ஒரே கோடையில நிரம்பியிருக்கு. மேல அப்பா, கீழ பையன், நடுவுல நீங்க. இந்த வயசுல எல்லாரும் உங்க மேலதான் சாயறாங்க. அது கோளாறு இல்ல சார், பாரம்."

"அப்போ இது எப்ப ஏறும், மேடம்?"

"தானா ஏறும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு கட்டத்தையாவது காலி பண்ணுங்க. குமரவேல் சார் பத்தி யார்கிட்டயாவது பேசுங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க. தூக்கம் வந்தும் இப்படியே இருந்தா மருந்து பத்தி யோசிப்போம். வேலைய விடறத அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்."

படியிறங்கும்போது கனகம் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவர் நின்று காத்திருந்தார். குமரவேல் அன்றைக்குப் பாதி டீயை மிச்சம் வைத்திருந்தான் என்று திடீரென்று சொன்னார். அவள் படியிலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

செந்தாமரை மாதத்தில் பத்து நாள் அப்பாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ளும்போதே, இதைக் கேட்க உனக்கு ஒரு வருசமா என்று திட்டினாள்.

அடுத்த வாரம் சண்முகசுந்தரம் ஜெயகணேஷின் மேசையில் வேறொரு கடிதத்தை வைத்தார். ஓராண்டுக்குப் பகல் வேலை மட்டும் உள்ள ஜெனரல் ஷிப்டு வேண்டும் என்ற விண்ணப்பம். விருப்ப ஓய்வுக் கடிதம் கிழிக்கப்படவில்லை. வீட்டில் சான்றிதழ்களோடு இருந்தது. அலுப்பும் குறையவில்லை. அதற்குள் எப்படிக் குறையும்?

ஜெயகணேஷ் படிவத்தைப் புரட்டினார். "காரணம் எழுதலியே? வயசுன்னு போட்டுருங்க, மேல கேள்வி வராது."

"வயசு தப்புங்க சார்" என்றார் சண்முகசுந்தரம். பேனாவை வாங்கி எழுதினார்: தகப்பனார் பக்கவாதத்தில் இருக்கிறார். மனைவிக்கு முழங்கால் சிகிச்சை. கொஞ்சம் நிறுத்தி, கேட்கப்படாததையும் சேர்த்தார்: உடன் வேலை பார்த்த நண்பர் குமரவேல் காலமானார்.

ஜெயகணேஷ் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். கோடு போட்டு அடிக்கவில்லை. முத்திரை வைத்தார்.